படம் பார்க்கும் ஏஐ எது, எழுத்து மட்டும் படிக்கும் ஏஐ எது: பெங்களூரில் கன்னடக் காகிதங்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் வாடகை வீடு எடுத்தவுடன் காகிதங்கள் வர ஆரம்பித்துவிடும். கரண்ட் பில், பழைய வாடகை ஒப்பந்தத்தின் ஸ்கேன், அபார்ட்மென்ட் சங்கம் ஒட்டிய அறிவிப்பு என்று எல்லாவற்றிலும் கன்னடம் இருக்கும். பக்கத்து வீட்டில் தமிழ் பேசுபவர்கள் இருப்பார்கள், ஆனால் ஒவ்வொரு காகிதத்துக்கும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. அதனால் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். போட்டோ எடுத்து ஒரு ஏஐ மாடலிடம் கொடுத்தேன். ஒன்று சரியாகச் சொன்னது. இன்னொன்று பில்லில் இல்லவே இல்லாத ஒரு தொகையை அழகாக வரிசைப்படுத்திக் கொடுத்தது. ஏன் இப்படி என்று தோண்டிப் பார்க்க எனக்கு நிறைய நேரம் போனது. நீங்கள் அந்த நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். எழுத்து மட்டும் படிக்கும் மாடலுக்குப் படம் உள்ளே போக வழியே கிடையாது. நீங்கள் தட்டுகிற எழுத்துகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, எண்களாக மாற்றி வாங்கிக்கொள்வது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்தத் துண்டுகளுக்கு டோக்கன் என்று பெயர். படம் வாங்கும் மாடலில் இதற்கு முன்னால் இன்னொரு பாகம் இருக்கும். அது படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் எண்களாக்கி, எழுத்து டோக்கன்களோடு சேர்த்து மாடலுக்குள் அனுப்பும். அந்தப் பாகம் இருக்கிறதா, அதன் வழியாக உங்கள் படம் உண்மையிலேயே போனதா, போனபோது படிக்கும் அளவில் போனதா? இந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் கண்டுபிடிப்பதுதான் கீழே உள்ள வேலை.

1. முதலில் காகிதத்தைப் பாருங்கள், மாடலை அல்ல

பலர் எடுத்தவுடன் படம் பார்க்கும் மாடலைத் தேடுகிறார்கள். பாதி நேரம் அது தேவையே இல்லை. உங்களிடம் இருப்பது பிடிஎஃப் என்றால் அதைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

எழுத்து அப்படியே வந்தால் எழுத்து மாடலே போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லதும் கூட. பத்துப் பக்க ஒப்பந்தத்தை எழுத்தாகக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் பிசகாமல் உள்ளே போகும். அதையே பத்துப் படங்களாகக் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் தவறாகப் படிக்க வாய்ப்பு உண்டு.

எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது ஸ்கேன். பிடிஎஃப் என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது வெறும் போட்டோ. எழுத்து மாடலுக்கு அதில் ஒன்றுமே தெரியாது.

மூன்றாவதுதான் கர்நாடகத்தில் அடிக்கடி மாட்டுவது. திரையில் தெளிவாகக் கன்னடம் தெரியும். காப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு குழப்பம் வரும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. யூனிகோடுக்கு முந்தைய நுடி, பரஹா போன்ற முறைகளில் தட்டச்சு செய்த காகிதங்கள் இப்படித்தான் இருக்கும். நம் ஊரில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்களை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். எழுத்து மாடலுக்குப் போவது அந்தக் குழப்பம்தான், கன்னடம் அல்ல. அது அந்தக் குழப்பத்தை வைத்துக்கொண்டும் ஏதோ ஒரு அர்த்தம் சொல்லப் பார்க்கும். இந்த வகைக் காகிதத்தைப் படமாக மாற்றிக் கொடுப்பதே சரி. படம் பார்க்கும் மாடலுக்கு எழுத்தின் வடிவம்தான் போகிறது, அது உள்ளே எப்படிச் சேமிக்கப்பட்டது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. லினக்ஸில் பாப்ளர் தொகுப்பு இருந்தால் ஒரே கட்டளை போதும்:

```
pdftoppm -r 200 -png a.pdf pakkam
```

ஒவ்வொரு பக்கமும் தனித்தனிப் படமாக வந்துவிடும்.

2. மாடலின் பெயரை நம்பாதீர்கள், திறனைக் கேளுங்கள்

நான் சொந்த லேப்டாப்பில் ஓலாமா என்ற மென்பொருளை வைத்து மாடல்களை ஓட்டுகிறேன். வீட்டுக் காகிதங்களை வெளியே அனுப்ப வேண்டாம் என்பது ஒரு காரணம், காசு கட்ட வேண்டியதில்லை என்பது இன்னொரு காரணம். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு வகை மாடலும் இருக்கும்.

கூகுள் 2025-இல் வெளியிட்ட ஜெம்மா 3 குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 4b, 12b, 27b அளவுகள் படம் வாங்கும். 1b அளவு வாங்காது. "ஜெம்மா 3 படம் பார்க்கும்" என்று எங்கோ படித்துவிட்டு, லேப்டாப்பில் இடம் குறைவு என்று 1b-யை இறக்கினால் கதை முடிந்தது. மெட்டாவின் லாமா 3.2-விலும் அப்படித்தான். `llama3.2` என்ற பெயரில் வரும் சிறிய மாடல்கள் எழுத்து மட்டும். படம் வாங்குவது `llama3.2-vision` என்று தனிப் பெயரில் இருக்கிறது.

இறக்கியவுடன் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
ollama pull gemma3:4b
ollama show gemma3:4b
```

வரும் விவரத்தில் `Capabilities` என்ற தலைப்பின் கீழே `vision` என்று இருக்க வேண்டும். `completion` மட்டும் இருந்தால் எழுத்து மட்டும்தான். பழைய ஓலாமா பதிப்பாக இருந்தால் இந்தப் பகுதியே வராது, அப்டேட் செய்துவிட்டுப் பாருங்கள்.

செலவு என்று பார்த்தால் 4b இறக்க சுமார் 3.3 ஜிபி டேட்டா, 12b-க்கு சுமார் 8 ஜிபி. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்குவதென்றால் அன்றைய டேட்டா போய்விடும், ஆபீஸ் முடிந்து வீட்டு வைஃபையில் போட்டுவிடுங்கள். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் 4b ஓடும். 12b-க்கு 16 ஜிபி ரேம் இருந்தால்தான் நிம்மதி. கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் எழுத்துக் கேள்விக்குப் பதில் சீக்கிரம் தொடங்கிவிடும். படம் கொடுத்தால் முதல் சொல் வருவதற்கே நல்ல நேரம் பிடிக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து நிறுத்தாதீர்கள், படத்தை எண்களாக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

3. படம் உள்ளே போனதா என்று உறுதி செய்யுங்கள்

மாடல் சரியானதாக இருந்தும் படம் போகாமல் இருக்கலாம். இதுதான் என்னை அதிகம் சுற்றவைத்தது. ஓலாமாவில் படத்தின் பாதையைக் கேள்வியோடு சேர்த்துத் தட்ட வேண்டும்:

```
ollama run gemma3:4b
>>> ./a.jpg இந்தப் படத்தில் உள்ள எண்களை அப்படியே எழுது
```

படம் சேர்ந்துவிட்டால் `Added image './a.jpg'` என்று ஒரு வரி வரும். அந்த வரி வரவில்லை என்றால் அதற்குப் பிறகு வரும் பதிலில் ஒரு சொல்லையும் நம்பாதீர்கள்.

வராமல் போவதற்கு நான் பார்த்த காரணங்கள் இரண்டு. ஒன்று, முன்னால் `./` போடாமல் வெறும் `a.jpg` என்று தட்டுவது. அப்போது அது சாதாரணச் சொல்லாகவே உள்ளே போகும். மற்றொன்று ஐபோன் போட்டோ. ஐபோன் பெரும்பாலும் `.heic` என்ற வகையில் சேமிக்கும், ஓலாமா அதை எடுத்துக்கொள்ளாது. ஜேபெக் அல்லது பிஎன்ஜியாக மாற்றிவிட்டுக் கொடுங்கள்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். ஃபைலுக்கு `a.jpg` போல அர்த்தமில்லாத பெயர் வையுங்கள். `bescom-bill-march.jpg` என்று பெயர் வைத்தீர்கள், படம் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு அந்தப் பெயர் மட்டும் எழுத்தாகக் கிடைக்கும். பெஸ்காம் பில் என்றால் யூனிட், கட்டணம், கடைசித் தேதி இருக்கும் என்று அதற்குத் தெரியும். அதை வைத்தே ஒரு பில்லைத் தயாரித்துக் கொடுத்துவிடும். பெயரில் துப்பு இல்லாவிட்டால் "படம் எதுவும் தெரியவில்லை" என்று சொல்வதற்கான வாய்ப்பு கூடும்.

போனில் ஆப் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த `Added image` வரி கிடைக்காது. அங்கே வேறொரு சிக்கல். சில ஆப்கள் படத்தை வாங்கி, அதில் உள்ள எழுத்தை மட்டும் ஓசிஆர் மூலம் பிரித்தெடுத்து, அந்த எழுத்தை எழுத்து மாடலுக்குக் கொடுக்கும். பார்க்கிறவருக்கு மாடலே படத்தைப் பார்த்தது போலத் தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எழுத்தே இல்லாத ஒரு படம் கொடுங்கள். மேசை மேல் இடது பக்கம் ஒரு ஸ்பூன், வலது பக்கம் சாவி, நடுவில் ஒரு வெங்காயம் வைத்துப் போட்டோ எடுத்து, "இடமிருந்து வலமாக என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். உண்மையிலேயே பார்க்கும் மாடல் சரியாகச் சொல்லும். ஓசிஆர் வழியாகப் போகும் ஆப், எழுத்து எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லும், அல்லது சம்பந்தமில்லாமல் எதையாவது சொல்லும்.

ஓசிஆர் மட்டமான வழி இல்லை. எழுத்து மாடல் மட்டும் இருக்கிறது என்றால் அதுதான் உங்கள் வழி. கூகுள் லென்ஸில் எழுத்தைக் காப்பி செய்து ஒட்டலாம். லினக்ஸில் டெசரெக்ட் இருக்கிறது:

```
sudo apt install tesseract-ocr tesseract-ocr-kan
tesseract a.jpg a -l kan+eng
```

`a.txt` என்ற ஃபைலில் எழுத்து வந்துவிடும். மாடலிடம் கொடுக்கும் முன் அதைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். கட்டம் போட்ட பில்லில் எந்த எண் எந்தத் தலைப்புக்குக் கீழே இருந்தது என்பது இதில் தொலைந்துபோகும். ஒப்பந்தம் போலப் பத்தி பத்தியாக ஓடும் காகிதத்துக்கு ஓசிஆர் நல்லது. கட்டம், முத்திரை, அடித்துத் திருத்திய எண், ஓரத்தில் பேனாவால் எழுதியது எல்லாம் உள்ள காகிதத்துக்குப் படம் பார்க்கும் மாடல்தான் வேண்டும்.

4. படிக்கும் அளவில் படத்தை வெட்டுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

உங்கள் போன் 12 மெகாபிக்சல் போட்டோ எடுக்கிறது. அதாவது 3000 × 4000 புள்ளிகள். பெரிதாக்கிப் பார்த்தால் உங்களுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஜெம்மா 3-இன் படம் பார்க்கும் பாகம் எந்தப் படத்தையும் 896 × 896 என்ற சதுரமாக மாற்றிக்கொள்ளும். அந்தச் சதுரம் கடைசியில் 256 டோக்கன்களாகச் சுருங்கி உள்ளே போகும். அகலத்தில் பதினாறு, உயரத்தில் பதினாறு என்று கட்டம் போட்டால் ஒரு டோக்கனுக்கு 56 × 56 புள்ளிகள் வரும்.

இப்போது கரண்ட் பில்லை எடுத்துக்கொள்வோம். மீட்டர் ரீடிங் எடுக்க வருபவர் கையிலேயே அடித்துக் கொடுக்கும் நீளமான குறுகிய சீட்டு. செங்குத்தாகப் போட்டோ எடுத்தால் சீட்டு நடுவில் ஒல்லியாக 1000 புள்ளி அகலத்தில் நிற்கும். மேலிருந்து கீழாக 4000 புள்ளியும் சீட்டுதான். மீதி இடமெல்லாம் மேசை. எழுத்தின் உயரம் 30 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 4000 என்பது 896 ஆகும்போது நான்கரை மடங்கு சுருங்கும். 30 புள்ளி எழுத்து 7 புள்ளிக்கும் கீழே போய்விடும். போதாததற்கு அகலமும் உயரமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் எழுத்து நசுங்கியும் போகும். அந்த அளவில் 1-ம் 7-ம், 3-ம் 8-ம் ஒன்றுதான். பழைய காகிதங்களில் கன்னட எண்கள் இருந்தால் இன்னும் மோசம், அதில் ஆறும் ஒன்பதும் ஏறக்குறைய ஒரே சாயல்.

என்ன செய்ய வேண்டும்? போனிலேயே மேசையை வெட்டி எறியுங்கள். மிஞ்சும் 1000 × 4000 சீட்டை நான்கு சதுரத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 1000 × 1000. இப்போது சுருங்குவது கொஞ்சம்தான், 30 புள்ளி எழுத்து சுமார் 27 ஆக உள்ளே போகும். அடுத்தடுத்த துண்டுகளில் இரண்டு வரி பொதுவாக இருக்கும்படி வெட்டினால் நடுவில் எந்த வரியும் அறுபடாது. ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி. நான்கையும் ஒரே கேள்வியில் திணிக்காதீர்கள்.

பெரிய படத்தைத் தானே துண்டு போட்டுப் பார்க்கும் உத்தி ஜெம்மா 3-க்கு உண்டு. ஆனால் நீங்கள் ஓட்டும் மென்பொருள் அதைச் செய்யும் என்று நம்பி உட்கார வேண்டாம். கையால் வெட்ட ஒரு நிமிடம்தான்.

வாட்ஸ்அப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓனர் போட்டோவாக அனுப்பினால் அது வரும் வழியிலேயே சுருக்கப்பட்டிருக்கும். "டாக்குமென்ட்டாக அனுப்புங்க" என்று கேளுங்கள், முழு அளவில் வரும். சுருங்கி வந்த படத்தை நீங்கள் பெரிதாக்கினாலும் போன புள்ளிகள் திரும்பி வராது.

ஒரு நிறுவனத்தின் மாடலை இணையம் வழியாகக் காசு கொடுத்துப் பயன்படுத்தும் ஏபிஐ என்றால் இங்கே செலவும் சேர்ந்துகொள்ளும். படத்துக்கும் டோக்கன் கணக்குத்தான். உதாரணமாக ஜிபிடி-4ஓ மாடலில் `detail` என்ற அமைப்பை `low` என்று வைத்தால் ஒரு படத்துக்கு 85 டோக்கன். `high` என்று வைத்தால் 1024 × 1024 படத்துக்கு 765. மலிவாக இருக்கிறதே என்று `low` வைத்தால் படம் 512 × 512 அளவுக்குச் சுருக்கப்படும், பில் படிக்க அது உதவாது. மேசையையும் சேர்த்து `high`-இல் அனுப்பினால் மேசைக்கும் காசு கட்டுகிறீர்கள். எப்படிப் பார்த்தாலும் முதலில் வெட்டுவதுதான் லாபம்.

5. படிக்கச் சொல்லுங்கள், கணக்குப் போடச் சொல்லாதீர்கள்

ஒரு பில்லை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு. சீட்டில் முந்தைய ரீடிங் 4812, இப்போதைய ரீடிங் 4967, யூனிட் 155 என்று இருக்கிறது. மாடலிடம் கேட்டால் 4812, 4961, 155 என்று படிக்கிறது. 4961-இலிருந்து 4812-ஐக் கழித்தால் 149 வரும், 155 வராது. உடனே எந்த வரியில் தப்பு என்று தெரிந்துவிடும், அந்த இடத்தை மட்டும் வெட்டி மறுபடி கேட்கலாம்.

இதே வேலையில் "யூனிட் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்" என்றும் சேர்த்துக் கேட்டால், கணக்கு பொருந்தும்படி படித்த எண்ணையே மாடல் மாற்றிச் சொல்லக்கூடும். அப்போது தப்பு மறைந்துவிடும். அதனால் நான் கேட்பது இவ்வளவுதான்: "தெரிவதை வரி வரியாக அப்படியே எழுது. தெளிவில்லாத இடத்தில் தெளிவில்லை என்று எழுது." கழித்தல் என் வேலை. "கட்ட வேண்டியது 1,240 ரூபாய்தானே?" என்று விடையை உள்ளே வைத்துக் கேட்பதும் கூடாது, ஆமாம் என்று சொல்லிவிடும்.

சரிபார்க்கக் கழித்தல் இல்லாத எண்களும் உண்டு. பில்லில் உள்ள மின் இணைப்பு எண்ணான ஆர்ஆர் நம்பர், ஒப்பந்தத்தில் உள்ள தேதி, அட்வான்ஸ் தொகை போன்றவை. அவற்றுக்கு `/clear` என்று தட்டிப் பழைய பேச்சை அழித்துவிட்டு அதே துண்டை மறுபடி கொடுங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் ஓரளவு நம்பலாம். மாறி வந்தால் அது படித்த எண் அல்ல, ஊகித்த எண். பணம் கட்டும் முன் எப்படியும் உங்கள் கண்ணால் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆங்கில எண்ணாக இருந்தால் அதற்குக் கன்னடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கன்னட வாக்கியங்களைப் பொறுத்தவரை 4b-யை நான் நம்புவதில்லை. தலைப்புச் சொற்களை ஒருவாறு பிடித்துக்கொள்ளும், நீண்ட வாக்கியத்தில் தடுமாறி அடுத்து வரக்கூடிய சொல்லைத் தானே போட்டுவிடும். ஒப்பந்தத்தில் காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது போன்ற ஷரத்துகளுக்கு 12b அல்லது அதைவிடப் பெரிய மாடல் வையுங்கள். கன்னட எழுத்தையும் தமிழ் அர்த்தத்தையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கன்னட வரியை ஆபீஸில் தெரிந்த ஒருவரிடம் காட்டினால், படித்ததில் தப்பா, மொழிபெயர்ப்பில் தப்பா என்று சொல்லிவிடுவார்.

6. வெளியே அனுப்பும் முன் மறைக்க வேண்டியதை மறையுங்கள்

எழுத்தாகக் கொடுக்கும்போது ஆதார் எண்ணை அழித்துவிட்டால் போய்விட்டது. படத்தில் அப்படி இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் உங்களுடையதும் ஓனருடையதும் ஆதார், பான், கையெழுத்து என்று எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். கேட்பது அட்வான்ஸ் ஷரத்து மட்டும் என்றால் அந்தப் பத்தியை மட்டும் வெட்டி அனுப்புங்கள், பக்கம் முழுவதும் வேண்டாம்.

மறைக்கத்தான் வேண்டும் என்றால் போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் தீட்டாதீர்கள். அது பாதி ஒளி ஊடுருவும், வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ள எண் தெரியும். முழுக் கறுப்புக் கட்டம் போட்டு, அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் போட்டோ எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் ஒட்டிக்கொண்டு போகாது. ஆதாரையே அனுப்ப வேண்டிய இடங்களில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை யுஐடிஏஐ தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் இல்லை.